பழமொழியை மாற்றி எழுதும் விளம்பர வரிக்கு என்ன பெயர்?

ஆதிரை:
விளம்பரத்துறைச் சொற்களைத் தொகுத்துக்கொண்டு வருகிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். எல்லாருக்கும் தெரிந்த பழமொழியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பொருளுக்கு வரியாக்குகிறோமே, அதற்கு என்ன பெயர் வைக்கலாம்? வழுக்காத டைல்ஸுக்கு "யானைக்கும் அடி சறுக்காது" என்று எழுதினால் அது பழமொழியும் இல்லை, முழுக்கப் புதிய வரியும் இல்லை. கண்ணில் புதியது படும்போதே மனத்தில் பழையதும் ஓட வேண்டும், அந்த இரண்டையும் காட்டுகிற பெயராக இருந்தால் நல்லது.

ஊர்க்குருவி:
டேக்லைனைத்தானே கேட்கிறீர்கள்? முழக்கவரி என்று போடலாமே. நாங்களும் ஒன்று வைத்திருக்கிறோம், எங்கள் பாடச் செயலிக்கு "கற்றது கைபேசி அளவு". பார்த்தவுடன் எல்லாருக்கும் மூலம் புரிந்துவிடுகிறது.

கடைசிவரி:
ஆதிரை கேட்பது டேக்லைனுக்கான சொல் இல்லை, அதில் ஒரு வகைக்கான பெயர். இதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. வுல்ஃப்காங் மீடர் என்ற பழமொழி ஆய்வாளர் 1982இல் ஜெர்மனில் ஒரு சொல்லை உருவாக்கினார், அதைத் தமிழில் எதிர்ப்பழமொழி என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஊர்க்குருவி, உங்கள் வரியில் மூலம் தெரிகிறது, அதில் சந்தேகமில்லை, கைம்மண்ணிலிருந்த 'கை' கைபேசியிலும் நிற்கிறது. ஆனால் மூலம் சொல்வது கற்றது கொஞ்சம்தான் என்று, படிப்பவர் "கல்லாதது உலகளவு" என்று மீதியைத் தானாகவே முடித்துக்கொள்வார். ஆக, உங்கள் செயலியில் கொஞ்சம்தான் கற்கலாம் என்று நீங்களே சொன்னதாகிவிடும். மூலம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு அதன் பழைய பொருளும் உள்ளே வரும். இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

வெண்பாப்பித்தன்:
எதிர்ப்பழமொழி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. யானை வரிக்குப் பொருந்தும், அது மூலத்தை மறுக்கிறது. வீட்டின் வெளிச்சுவர் பெயின்டுக்கு "அகத்தின் அழகு முகப்பில் தெரியும்" என்று எழுதிப் பாருங்கள், இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? அகம் என்றால் மனம், வீடும்தான். அதனால் முதல் சொல்லைத் தொடாமலே அதன் பொருள் மாறிவிடுகிறது. முகத்தில், முகப்பில் இரண்டும் ஒரே ஓசை, நிரைநேர். இரண்டாம் எழுத்து 'க' அப்படியே நிற்பதால் அகத்தின் என்பதோடு எதுகையும் கெடவில்லை. இதையே "சுவரில் தெரியும்" என்று எழுதியிருந்தால் பொருள் சரியாகத்தான் இருக்கும், எதுகை போய்விடும், காது மூலத்தைப் பிடிக்கத் தடுமாறும். நம் பழமொழிகள் பலவும் எதுகை, மோனையால்தான் நினைவில் நிற்கின்றன. மாற்றும்போது அதைக் காப்பாற்றினால் மூலமும் தப்பிக்கும்.

நான் திரிமொழி என்று சொல்வேன். புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் படிக்கிறோம், பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ஒரு எழுத்துத்தான் திரிகிறது, பொன் உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே நடப்பதும் அதுதான்.

கடைசிவரி:
முகப்பு உதாரணத்துக்குப் பிறகு எதிர்ப்பழமொழியை நான் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் திரிமொழி என்றதும் வரலாற்றுத் திரிபு, செய்தித் திரிபு என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஏதோ ஏமாற்று வேலை போலப் படும், விளம்பரத்துறையில் அந்த வாடையே வேண்டாம். ஒட்டுச்செடி மாதிரி, பழைய வேரில் புதிய கிளை, ஒட்டுமொழி என்றால் என்ன?

வெண்பாப்பித்தன்:
மொழியியலில் ஒட்டுமொழி என்றால் விகுதிகளை ஒட்டி ஒட்டிச் சொல்லாக்கும் மொழி. தமிழையே அப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள், எனவே அந்த இடம் காலியாக இல்லை.

ஆதிரை:
புதுமொழி என்று எழுதுபவர்களும் உண்டு. பழமொழிக்கு எதிரே நிற்கும், நாக்கிலும் எளிதாக வரும், ஆனால் யாரோ சொந்தமாக எழுதிய பொன்மொழியையும் அதே பெயரில் சொல்கிறோம், உள்ளே பழையது இருப்பது அதில் தெரியவில்லை. இப்போதைக்குத் திரிமொழி என்று பதிந்து, பக்கத்தில் கடைசிவரியின் மறுப்பையும் சேர்க்கிறேன். வேறு நல்ல சொல் வந்தால் மாற்றலாம்.

கடைசிவரி:
சரி. ஆனால் மாற்றம் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் விளக்கத்தில் சேருங்கள். யானை வரியில் மாறுவது கடைசி விகுதி மட்டும். பேசினால் காதில் விழும், ஆனால் பலகையில் வேகமாகப் பார்ப்பவர் 'யானைக்கும் அடி' வந்ததுமே பழகியபடி 'சறுக்கும்' என்று வாசித்துவிடுவார். டைல்ஸ் விற்பவருக்கு அதைவிட மோசமான வரி கிடையாது. நான் செய்வது, பொருளின் பெயரைச் சொல்லாமல் வரியை மட்டும் ஒருவரிடம் ஒரு கணம் காட்டிவிட்டு மூடுவேன், என்ன படித்தீர்கள் என்று கேட்பேன். மூலத்தையே திருப்பிச் சொன்னால் மாற்றம் போதவில்லை, மூலம் நினைவுக்கே வரவில்லை என்றால் அதிகமாக மாற்றிவிட்டோம்.

ஊர்க்குருவி:
எங்கள் வரியை எடுத்துவிடச் சொல்கிறேன். ஒரு சந்தேகம், குறளில் ஒரு சீரை மாற்றினால் அதுவும் திரிமொழியா?

வெண்பாப்பித்தன்:
என்னைக் கேட்டால் இல்லை, குறளுக்கு ஆசிரியர் உண்டு, பழமொழி பொதுச்சொத்து.

ஆதிரை:
படிப்பவர் மனத்தில் இரண்டும் ஒரே மாதிரிதானே வேலை செய்கிறது, ஐயா? அதைத் தனியாகப் பேசுவோம், இந்தப் பதிவில் பழமொழி மட்டும்.