பவுண்டரிக்கு அனுப்பிய காலாண்டு மதிப்பீட்டில் எங்கள் கணக்கு 62.5 சதவீதம், அவர்கள் கணக்கு 91.7: எங்கே தவறு?

கேட்டவர் (கொள்முதல் பிரிவு, கோவை)

வணக்கம். கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு வார்ப்பிரும்புக் காஸ்டிங் கொடுக்கும் ஒரு பவுண்டரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான செயல்பாட்டு மதிப்பீட்டை ஜனவரி 8 அன்று முதன்முறையாக நானே தயாரித்து அனுப்பினேன். கொடுத்த ஷெட்யூலில் 24 தொகுதிகள் இருந்தன. எங்கள் கணினி அறிக்கையின்படி 15 தொகுதிகளே உரிய நாளில் வந்தன, ஆகவே டெலிவரி 62.5 சதவீதம் என்று எழுதியிருந்தேன். தரத்தில், வந்த 4,800 காஸ்டிங்குகளில் 168 நிராகரிக்கப்பட்டதால் 3.5 சதவீதம் என்று குறித்தேன்.

அடுத்த நாளே பவுண்டரி உரிமையாளர் தொலைபேசியில் கடுமையாக வருத்தப்பட்டார். தம்முடைய பில் புத்தகத்தின்படி 24இல் 22 சரியான நாளில் போய்விட்டன என்றும், இந்தக் காகிதத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். செப்டம்பர் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட மேம்பாடுகளைப் பற்றி நான் "முன்னேற்றம் திருப்தி இல்லை" என்று ஒரே வரியில் எழுதியிருந்ததும் அவரைப் புண்படுத்தியிருக்கிறது. எங்கள் மேலாளரோ கணினி சொல்வதை மாற்ற வேண்டாம் என்கிறார். இதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1 (தரப் பிரிவு, ஓசூர்)

உங்கள் மேலாளர் சொல்வதுதான் சரி. சரக்கு வரவுச் சீட்டான ஜிஆர்என் போட்ட நாள்தான் அதிகாரப்பூர்வமான வரவு நாள். ஐஎஸ்ஓ 9001 தரத்தின்படி காலாண்டுக்கு ஒருமுறை சப்ளையரை மதிப்பிட்டே ஆக வேண்டும், அதற்கு ஆதாரம் கணினிப் பதிவுதான். இன்னொன்று, 3.5 சதவீதம் என்று எழுதாமல், பத்து லட்சத்துக்கு எத்தனை என்னும் கணக்கில் 35,000 பிபிஎம் என்று எழுதுங்கள். தணிக்கையாளர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

பதில் 2 (சப்ளையர் தரத்தில் பல ஆண்டு அனுபவம், சென்னை)

மேலே சொன்னவர் பதிவுகள் வேண்டும் என்பதில் சரியாகவே சொல்கிறார். மற்றதை நான் ஏற்கவில்லை. ஐஎஸ்ஓ 9001:2015இன் 8.4.1 பிரிவு சப்ளையரின் செயல்பாட்டைக் கண்காணிக்கவும், மறுமதிப்பீடு செய்யவும், அதற்கான அளவுகோலை நாமே வகுக்கவும், பதிவுகளை வைத்திருக்கவும் சொல்கிறது. காலாண்டு என்றோ ஜிஆர்என் நாள் என்றோ அதில் எங்கும் இல்லை. அளவுகோல் நம்முடையது என்பதால் அது நியாயமாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை சப்ளையருக்கு உண்டு.

பில் நாள், உங்கள் கேட்டில் வண்டி நுழைந்த நாள், ஜிஆர்என் நாள் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. நீங்கள் மூன்றாவதை எடுத்திருக்கிறீர்கள், அவர் முதலாவதை எடுத்திருக்கிறார். தாமதம் என்று வந்த 9 தொகுதிகளுக்கும் வாட்ச்மேன் கையால் எழுதும் கேட் பதிவேட்டை எடுத்து மூன்று நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பர்சேஸ் ஆர்டரில் முதலில் கொடுத்த தேதியையும், நீங்கள் இடையில் மாற்றிய தேதி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் பொய் சொல்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள் தானாகவே போய்விடும்.

கேட்டவர்

நேற்று மாலை ஸ்டோரில் உட்கார்ந்து 9 தொகுதிகளையும் பார்த்தேன். நான்கு தொகுதிகள் சனிக்கிழமை மாலையே கேட்டுக்குள் வந்திருக்கின்றன. ஆய்வு முடிந்த பிறகே எங்கள் ஸ்டோர் ஜிஆர்என் போடும் என்பதால் அவை திங்கள், செவ்வாய் என்று பதிவாகியுள்ளன. இன்னும் இரண்டு தொகுதிகளை, ஒப்புக்கொண்ட 21 நாள் அவகாசம் இருக்கும்போதே, நாங்கள் தொலைபேசியில் பத்து நாள் முன்னுக்குத் தள்ளியிருக்கிறோம். அவர்கள் முதலில் சொன்ன தேதிக்கே கொடுத்துவிட்டார்கள், கணினியில் மட்டும் புதிய தேதி ஏறியிருக்கிறது. ஒரு தொகுதிக்கு உரிய நாளில் பில் போட்டு வண்டி ஏற்றிவிட்டார்கள், ஆனால் அது மறுநாள் காலையில்தான் வந்தது. மீதி இரண்டும் உண்மையாகவே ஒரு வாரத்துக்கு மேல் தாமதம்; அதை அவரும் மறுக்கவில்லை.

15உடன் 4 சேர்ந்தால் 19, அதனுடன் 2 சேர்ந்தால் 21, மறுநாள் வந்த ஒன்றையும் சேர்த்தால் அவர் சொன்ன 22. அவருடைய எண் காற்றில் வந்ததல்ல என்று இப்போதுதான் புரிகிறது.

பதில் 2

ஆர்டரில் டெலிவரி உங்கள் வாசலில் என்று இருந்தால், மறுநாள் வந்த அந்த ஒன்று தாமதம்தான், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். நீங்கள் முன்னுக்குத் தள்ளிய இரண்டையும் அவர் ஒப்புக்கொண்ட பழைய தேதியை வைத்தே பாருங்கள். ஆகவே 24இல் 21, அதாவது 87.5 சதவீதம். இந்த எண்ணை எவரிடமும் எதிர்த்து நின்று சொல்லலாம்.

பதில் 3 (எக்செல் மட்டும் தெரிந்தவன்)

கணக்கை எக்செலில் போடுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. B நெடுவரிசையில் ஒப்புக்கொண்ட நாள், D நெடுவரிசையில் கேட் நாள் என்று வைத்து F2இல் `=D2-B2` போட்டால், இன்னும் வராத தொகுதியின் D காலியாக இருப்பதால் F பெரிய மைனஸ் எண்ணாகிவிடும். "சுழியத்துக்குக் கீழ்" என்று மட்டும் எண்ணினால் வராத சரக்கும் நேரத்தில் வந்ததாகக் கணக்காகும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு காலாண்டு இப்படியே போனது. கேட் நாள் நிரம்பியிருக்கிறதா என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்:

```
=COUNTIFS(D2:D25,">0",F2:F25,"<=0")/COUNTA(B2:B25)
```

பதில் 4 (சிறு பவுண்டரி நடத்துபவர், கோவை)

தம்பி, நானும் பவுண்டரிக்காரன்தான், ஆகவே என் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். எனக்கு மதிப்பெண் போட்டு அனுப்பும் ஒரு கம்பெனி பணத்தைத் தொண்ணூறு நாள் கழித்துத் தருகிறது. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்குச் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஸ்கிராப் வாங்கக் கையில் காசில்லாமல் பர்னஸை எப்படி மூட்டுவது? மதிப்பீட்டுக் காகிதத்தில் உங்கள் பணம் எத்தனை நாளில் வந்தது என்று ஒரு வரியும் இருக்க வேண்டும்.

அது போகட்டும். நிராகரிப்பான 168உம் எந்தப் பொருளில், எந்த இடத்தில் என்று பார்த்தீர்களா? பம்பின் உறையான கேசிங்கில், நீர் சுழன்று ஓடும் வால்யூட் பக்கம் துளை விழுந்திருந்தால், உள்வெற்றிடத்துக்கான மணல் கோரைச் செய்யும் கோர் பெட்டி தேய்ந்ததாலும் இருக்கலாம். பேட்டர்னும் கோர் பெட்டியும் பெரும்பாலும் கஸ்டமரின் சொத்து. தேய்ந்ததை மாற்றிக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவதுதான் வழக்கம்.

கேட்டவர்

பண விஷயம் என் கையில் இல்லை, ஐயா. கணக்குப் பிரிவிடம் சொல்கிறேன். ஆனால் நிராகரிப்பை நீங்கள் கேட்டதால் பிரித்துப் பார்த்தேன். 168இல் 126 ஒரே பொருள், ஓர் அளவு பம்பின் கேசிங். அந்தப் பொருள் மொத்தம் வந்ததே 600தான். மற்ற எல்லாப் பொருளும் சேர்த்து 4,200இல் 42 மட்டுமே. எந்திரமிட்ட பிறகு வெளியே தெரிந்த துளைகள். உள்சுவர் வழவழப்பாக, பட்டாணி அளவில், கோர் பக்கமாகவே இருக்கின்றன. செப்டம்பர் கூட்டக் குறிப்பில் "புதிய கோர் பெட்டி" என்று இருந்ததையும் கண்டெடுத்தேன். அதற்கான விலைப்புள்ளி எங்கள் ஒப்புதலுக்கு அக்டோபரிலேயே வந்து, என் மேலாளரின் மேசையில் கிடக்கிறது.

பதில் 2

அப்படியானால் 3.5 சதவீதம் என்ற எண்ணே இரண்டு கதைகளை ஒன்றாக்கி மறைத்துவிட்டது. அந்தக் கேசிங்கில் நிராகரிப்பு 21 சதவீதம், மற்றவற்றில் 1 சதவீதம். பிபிஎம் ஆக்கினாலும் இது தெரியாது. ஆயிரக்கணக்கில் மட்டும் வரும் காஸ்டிங்குக்குப் பிபிஎம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. வழவழப்பான சுவர் இருந்தால் பெரும்பாலும் வாயு, உருகிய இரும்பு கோரைத் தொடும்போது எழும் ஆவியும் வாயுவும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. கரடுமுரடாக, தடித்த பகுதியின் நடுவில் இருந்தால் அது சுருக்கக் குழி, அதற்கு மருந்து வேறு. எந்த முறை உருக்கிய இரும்பு என்று காட்டும் ஹீட் எண் காஸ்டிங்கில் வார்த்திருக்குமே, 126உம் எந்தெந்த ஹீட்டில் வந்தன என்று அவரிடம் கொடுங்கள். இரண்டு மூன்று ஹீட்டிலேயே குவிந்திருந்தால் அந்த நாள் மணலின் ஈரத்தையோ சரியாக உலராத கோரையோ சந்தேகிக்கலாம். வடகிழக்குப் பருவமழையின்போது இது அதிகம். எல்லா ஹீட்டிலும் பரவியிருந்தால் கோர் பெட்டியைப் பாருங்கள்.

இப்போது கடிதத்தைத் திருத்தி எழுதுங்கள். பழையதைத் திரும்பப் பெறுவதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு அவர் படிப்பார். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஜனவரி 8 நாளிட்ட கடிதத்தில் டெலிவரி 62.5 சதவீதம் என்று குறித்தது, ஜிஆர்என் நாளையும் நாங்கள் முன்னுக்குத் தள்ளிய தேதிகளையும் வைத்துக் கணக்கிட்டதால் நேர்ந்த எங்கள் பிழை. அதைத் திரும்பப் பெறுகிறோம். ஒப்புக்கொண்ட நாளுக்கும் எங்கள் வாயிலில் வண்டி நுழைந்த நாளுக்கும் இடையே பார்க்கையில் 24 தொகுதிகளில் 21 உரிய நாளில் வந்தன. எஞ்சிய மூன்றின் விவரம் இணைப்பில் உள்ளது. கேசிங்கில் 600க்கு 126 நிராகரிப்பானது இரு தரப்பும் சேர்ந்து தீர்க்க வேண்டியது: புதிய கோர் பெட்டிக்கு நாங்கள் ஜனவரி 25க்குள் ஒப்புதல் அளிக்கிறோம்; அதுவரை தாங்கள் தற்போதைய கோரின் வாயுத் துளைகளைச் சரிபார்த்து, ஒவ்வொரு ஹீட்டிலும் மணல் ஈரப்பத அளவைக் குறித்து அனுப்பவேண்டும். புதிய பெட்டியில் வார்த்த முதல் மூன்று ஹீட்டில் எந்திரமிட்ட பின் நிராகரிப்பு 3 சதவீதத்துக்குள் இருந்தால் இதை முடிந்ததாகக் கொள்வோம்."

கவனியுங்கள், "முன்னேற வேண்டும்" என்ற சொல்லே இதில் இல்லை. யார், எதை, எந்த நாளுக்குள், முடிந்தது என்று எதைக் கொண்டு சொல்வது என்பவை மட்டும் இருக்கின்றன. நீங்கள் செய்யத் தவறியதையும் அதே பத்தியில் வைப்பதால் அவர் கையெழுத்திடுவதற்குத் தடை இருக்காது.

பதில் 1

ஜிஆர்என் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் கேட் பதிவேட்டில் வாட்ச்மேன் எழுதும் நேரத்தை யார் சரிபார்ப்பது? பிற்பாடு திருத்தினால் தெரியாதே.

பதில் 2

நியாயமான கேள்வி. டெலிவரி சலானில் கேட் முத்திரையும் நேரமும் போட்டு ஒரு பிரதியை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டால் இருவர் கையிலும் ஒரே ஆதாரம் இருக்கும்.

கேட்டவர்

திருத்திய கடிதத்தை மேலாளரிடம் கொண்டுபோனேன். கோர் பெட்டி வரியைப் பார்த்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார், பிறகு விலைப்புள்ளியை மேசையிலிருந்து எடுத்து அங்கேயே கையெழுத்திட்டார். பவுண்டரி உரிமையாளரும் கடிதத்தை ஏற்று நகலில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார், ஆனால் இரண்டு இடங்களில் பேனாவால் குறிப்பு எழுதியிருக்கிறார். ஹீட் வாரியாகப் பார்த்ததில் 126உம் ஆறு ஹீட்டில் பரவியிருப்பதால் கோர் பெட்டிதான் என்கிறார். மணல் ஈரப்பதத்தையும் குறித்து அனுப்பச் சம்மதித்துள்ளார். இன்னொரு குறிப்பில், எந்திரமிட்ட பிறகு கழிந்த 126க்கும் நாங்கள் போட்ட டெபிட் நோட்டில் எந்திரமிடும் கூலியும் சேர்ந்திருப்பதை ஏற்கவில்லை, பெட்டி உங்களுடையது என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

அதுபோக, உரிய நாளில் வந்த 21இல் ஒரு தொகுதி 200க்குப் பதில் 180தான் வந்தது; மீதி 20 நான்கு நாள் கழித்து வந்தது. அதை நேரத்தில் வந்ததாகவே கணக்கிட்டுவிட்டேன். இதைப் பற்றி யாருக்காவது உறுதியான கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 4

எண்ணிக்கை பத்து சதவீதம் வரை குறைந்தாலும் ஏற்க வேண்டும் என்று நாங்கள் கேட்போம், கஸ்டமர் ஐந்து தருவார். ஆர்டரில் எழுதியிருந்தால் சண்டை இல்லை. டெபிட் நோட்டுக்கு மட்டும், தம்பி, காஸ்டிங் விலையை எடுத்துக்கொண்டு கூலியை விட்டுவிடுங்கள். நான் அவரிடத்தில் இருந்தால் அதைத்தான் எதிர்பார்ப்பேன்.