கலைச்சொல் தேவை: ஹிஸ்டிரோஸ்கோபிக்குத் தமிழில் என்ன? (திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது)

பூங்கொடி:
அனைவருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். காரணம் தெரியாமல் உதிரம் போகும் பெண்களுக்கு, கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோபி செய்வதற்கு முன் கையில் கொடுப்பது. தலைப்பிலேயே நிற்கிறேன். "கருப்பை அகநோக்கல்" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். சரிதானா?

ரமேஷ்:
ஹிஸ்டிரோஸ்கோபி என்றே போடுங்கள். டாக்டர் வாயிலிருந்து வருவது அந்தச் சொல்தான். சீட்டிலும் அதுதான் இருக்கும். ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் அப்படித்தானே வந்தன?

அறவாழி:
தம்பி ரமேஷ், ஸ்கேன் ஓரசைச் சொல் போல நாவில் நிற்கிறது. இது நிற்காது. பூங்கொடி அம்மா, "அகநோக்கு" என்பதை உளவியலில் தன் மனத்தைத் தானே ஆராய்வதற்கு வைத்திருக்கிறோம். "உள்நோக்கல்" எனலாம். ஆனால் ளகரத்தின் முன் நகரம் வந்தால் இரண்டும் திரியும். முறைப்படி "உண்ணோக்கல்" என்றுதான் எழுத வேண்டும். நோக்கு என்பது சாதாரணமாகப் பார்ப்பது அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அதைச் செய்யுளின் உறுப்பாகவே எண்ணுகிறது. படிப்பவனைத் திரும்பத் திரும்ப நின்று பார்க்க வைப்பது அது. ஒரு மருத்துவர் கருப்பைக்குள் செய்வதும் அதுதானே?

சிவநேசன் (யாழ்ப்பாணம்):
ஐயா சொன்ன புணர்ச்சி சரி. ஆனால் "உண்ணோக்கல்" என்று எழுதினால் வாசிக்கிற பெண்ணுக்கு "உண்" மட்டும்தான் விளங்கும். பிரிச்சு எழுதினாலும் சிக்கல் தீராது. பேப்பரில் "உள்நோக்கம்" என்றால் கெட்ட எண்ணம். இன்னொரு கேள்வி: வயிற்றில் துளை போட்டு, காற்று அடிச்சுப் பார்ப்பதுதானே இது? அப்படியென்றால் "துளை" என்ற சொல்லும் பெயரில் வேணும்.

டாக்டர் மங்கை:
சிவநேசன் ஐயா, நீங்கள் சொல்வது லேப்ராஸ்கோபி. இதில் வயிற்றில் துளையும் இல்லை, தையலும் இல்லை. பிறப்புறுப்பு வழியாகக் கருப்பை வாயைத் தாண்டி மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாயை உள்ளே விடுகிறோம். கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உப்புநீரைச் செலுத்தி விரித்தால்தான் எதுவும் தெரியும்.

ரமேஷுக்கு ஒன்று சொல்லவேண்டும். என் புறநோயாளர் அறையில் "ஹிஸ்டிரோஸ்கோபி" என்றதும் அழுத பெண்கள் உண்டு. அவர்கள் காதில் விழுந்தது ஹிஸ்டிரெக்டமி, அதாவது கர்ப்பப்பையை எடுப்பது. முதல் பாதி இரண்டுக்கும் ஒன்றுதான். "எடுக்கப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறோம்" என்பது பெயரிலேயே தெரியவேண்டும்.

ரமேஷ்:
அதை நான் யோசிக்கவில்லை, டாக்டர். ஆனால் இன்றைக்கு ஸ்கேனிலேயே எல்லாம் தெரிகிறதே. கருப்பையின் உள்படலம் மெலிதாக இருந்தால் பயமில்லை என்கிறார்கள். அப்புறம் கேமரா எதற்கு?

டாக்டர் மங்கை:
பாதி சரி. மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்ட பெண்ணுக்குப் படலம் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அத்துடன் உதிரமும் நின்றுவிட்டால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். திரும்பத் திரும்ப வந்தால் அந்த அளவை நம்பி உட்கார முடியாது. தடித்திருந்தால், ஏன் தடித்தது என்பதை ஸ்கேன் எப்போதும் பிரித்துச் சொல்லாது. படலம் முழுக்கத் தடித்ததா, ஓரிடத்தில் பாலிப் என்னும் சதை வளர்ச்சி தொங்குகிறதா, உள்பக்கம் துருத்திய ஃபைப்ராய்டு என்னும் தசைக்கட்டியா என்று நேரில் பார்க்கவேண்டும். இன்னும் மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு இந்த 4 பொருந்தாது. அவர்களுக்குப் படலம் மாதம் முழுக்க ஏறி இறங்கும். அதனால்தான் உதிரம் நின்ற அடுத்த சில நாட்களில், படலம் மெலிந்திருக்கும்போது வரச்சொல்கிறோம்.

வள்ளியம்மை:
என் அக்காவுக்கு இதுதான் நடந்தது. 54 வயது, மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்துத் திட்டுத்திட்டாக உதிரம் பட்டது. ஸ்கேனில் படலம் 9 மில்லிமீட்டர். "கிளீன் பண்ணிடலாம்" என்று டி அண்ட் சி, அதாவது உள்படலத்தைச் சுரண்டி எடுப்பது, செய்தார்கள். பரிசோதனையில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. இரண்டு மாதத்தில் மறுபடியும் உதிரம். வேறொரு இடத்தில் கேமரா விட்டுப் பார்த்தபோது இடது மூலையில், சினைக்குழாய் திறக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மெல்லிய காம்பில் ஒரு பாலிப் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதே வெட்டி எடுத்தார்கள். முதலில் சுரண்டியபோது அது ஏன் வரவில்லை, டாக்டர்?

டாக்டர் மங்கை:
வள்ளி அம்மா, சுரண்டும் கரண்டிக்குக் கண் இல்லை. காம்பில் ஆடும் பாலிப் அது படும்போது நழுவி ஒதுங்கும். மூலைகளுக்குக் கரண்டி சரியாகப் போவதும் இல்லை. கேமராவில் பார்க்கும்போது ஒரு வரிசை உண்டு: முதலில் கருப்பைக் கழுத்துப் பாதை, பிறகு முன்சுவர், பின்சுவர், மேற்கூரை, கடைசியில் இரு மூலைகளிலும் சினைக்குழாய் வாய்கள். அந்த இரண்டு சிறு துவாரங்களையும் காணாமல் "முழுக்கப் பார்த்துவிட்டேன்" என்று நான் எழுதமாட்டேன். வழவழப்பில்லாமல் கரடாக, தொட்டால் உதிர்கிற இடமோ தாறுமாறாக ஓடும் இரத்தக்குழாய்களோ இருந்தால் அங்கிருந்தே துணுக்கு எடுப்போம். கண்ணுக்கு எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் தீர்ப்பு திசுப் பரிசோதனையில்தான். தசைச் சுவருக்குள் புதைந்திருப்பதும் சினைப்பையும் இதில் தெரியாது. அதனால் எல்லாம் சரியாக இருந்தும் உதிரம் தொடர்ந்தால் தேடல் முடியவில்லை என்று பொருள்.

அறவாழி:
கண் இல்லாத கரண்டி என்றீர்கள். அப்படியானால் "காண்" என்ற வேரே சிறந்தது. உள் + காட்சி = உட்காட்சி. புணர்ச்சியும் பழக்கமானது. "கருப்பை" பற்றியும் ஓர் ஐயம். மாதவிலக்கு நின்றவளுக்குக் கருவே இல்லாதபோது அது பொருந்துமா? உறுப்பைக் கருவால் மட்டும் அடையாளப்படுத்துவது...

சிவநேசன்:
ஐயா, அந்த விவாதத்தைத் திங்களுக்குப் பிறகு வைப்போம். 1869-இல் பாண்டலியோனி என்பவர் முதன்முதலில் உயிருள்ள பெண்ணின் கருப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது, அந்த அம்மாவுக்கும் வயது 60. மாதவிலக்கு நின்றபின் வந்த உதிரம்தான், கண்டதும் பாலிப்தான். அங்கேயும் உறுப்பின் பெயரை மாத்தவில்லை.

வள்ளியம்மை:
பெயர் எதுவாக இருந்தாலும், வீட்டுக்கு வந்தபின் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகப் போடுங்கள். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். இரவு இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கொட்டியது. அக்கா பயந்து நடுங்கிவிட்டாள். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

டாக்டர் மங்கை:
அது உள்ளே விட்ட உப்புநீர் வெளியேறுவது. முதல் நாள் அப்படித்தான் வரும். மாதவிலக்கு நேரத்து வலி ஓரிரு நாள் இருக்கும், சாதாரண வலிமாத்திரையில் அடங்கும். திட்டுத்திட்டான உதிரம் ஒரு வாரம் வரை படலாம். அது நிற்கும்வரை பேட் மட்டும் வைக்கவேண்டும். தாம்பத்திய உறவும் நீச்சலும் வேண்டாம். மயக்கம் கொடுத்திருந்தால் ஒரு நாள் வண்டி ஓட்டக்கூடாது. மயக்கம் இல்லாமல் செய்தவர்கள் மறுநாளே வேலைக்குப் போவதுண்டு. பூங்கொடி, இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, மணிக்கு ஒரு பேட் நனையும் உதிரம், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் வரவேண்டும். அரிதாகக் கருவி சுவரைத் துளைத்திருக்கலாம், அல்லது தொற்று ஏற்பட்டிருக்கலாம்.

ரமேஷ்:
"கருப்பை உட்காட்சிச் சோதனை" என்பதற்கு என் வாக்கு. கீழே ஹிஸ்டிரோஸ்கோபி என்று சிறிய எழுத்தில் இருக்கவேண்டும். சீட்டில் இருப்பதும் துண்டறிக்கையில் இருப்பதும் ஒன்றுதான் என்று நோயாளிக்குத் தெரியவேண்டுமே.

சிவநேசன்:
எனக்கு "உட்காட்சி" ஏதோ தியானத்தில் தெரிவது போல இருக்கு. "கருப்பை உட்பார்வை"?

டாக்டர் மங்கை:
நான் வாயால் சொல்லப்போவது "கர்ப்பப்பைக்குள்ளே கேமரா விட்டுப் பார்க்கிறது" என்றுதான். அது தலைப்புக்கு நீளம் என்றால் முதல் வரியாகப் போடுங்கள்.

பூங்கொடி:
எல்லோருக்கும் நன்றி. தலைப்பு: கருப்பை உட்காட்சிச் சோதனை. கீழே ரமேஷ் சொன்னபடி. முதல் வரி டாக்டருடையது. "கர்ப்பப்பை எடுக்கப்படாது" என்று அடுத்த வரியில் சேர்த்துவிட்டேன். மெய்ப்புப் பிரதி நாளை வரும்.

அறவாழி:
நல்லது அம்மா. ஆனால் "உட்காட்சிச் சோதனை"யில் சகர ஒற்று விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "கருப்பை" பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. தனி இழையாகத் தொடங்குகிறேன்.