"நிலுவை"யா, "கெடு கடந்தது"வா? கட்டணப் பதிவேட்டுக்கு ஒரு சொல் தேவை

கோண்டாவில், கணினிப் பாட ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். தனியார் கல்வி நிலையங்களில் கட்டணப் பதிவேடு பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு கைநூல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேணும். விரிதாளில் `Conditional Formatting` என்றொரு வசதி இருக்கிறதல்லவா, அந்தப் பாடத்தின் தலைப்பிலேயே நிற்கிறேன். இரண்டு சொல் வேண்டும். ஒன்று அந்த வசதிக்கு. மற்றது, கட்ட வேண்டிய நாள் தாண்டியும் கட்டாத காசுக்கு.

இரண்டாவதுதான் அவசரம். எங்களிடம் உள்ள பழைய கைநூலில் "நிலுவைக் கட்டணங்களைச் சிவப்பாக்குக" என்று இருக்கிறது. D நிரலில் கடைசி நாள், E இல் கட்டணம், F இல் கட்டிய தொகை. அதைப் படித்த பிள்ளை ஒருத்தி எழுதிய விதி இது:

```
=$F2<$E2
```

கடைசி நாள் பத்தாம் திகதி. முதலாம் திகதி தாளைத் திறந்தால் வகுப்பு முழுக்கச் சிவப்பு. அவள் சொல்லுக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

சுன்னாகம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கைச்சி, அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, சொல்லில்தான் பிழை. நிலுவை "நில்" என்பதன் வழி வந்தது. கொடுபடாமல் நிற்பதெல்லாம் நிலுவைதான், நாள் போனதா இல்லையா என்பதை அது சொல்லாது. "தவணை தப்பியது" என்று எழுதலாம் என்றால் எங்கள் ஊரில் தவணை என்றதும் முதலாந்தவணைப் பரீட்சைதான் ஞாபகம் வரும். ஆகவே "கெடு கடந்த கட்டணம்" என்பேன். கெடு வைத்தான், கெடு முடிந்தது என்று சனம் பேசுகிறதுதானே.

அந்த வசதிக்கும் ஒரு யோசனை இருக்கிறது. "செயின்" என்ற வினையெச்ச வாய்பாட்டைத் தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. உண்ணின், வரின், கடப்பின் என்று நிபந்தனை சொல்வதற்கு எங்களிடம் ஒரு உறுப்பே இருக்க, வடசொல்லான "நிபந்தனை" எதற்கு? "எனின்வடிவம்" என்று வைப்போம். கெடு கடந்தது எனின் சிவப்பு. விதியின் உள்ளமைப்பே சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

நல்லூர், கணினி பழக்குபவர்:

ஐயா, எனினைப் பிறகு பார்ப்போம். கூகுள் சீற்ஸில் இதற்குச் சூத்திரமே தேவையில்லை. `Date is before` என்பதைத் தெரிந்து `today` என்று கொடுத்தால் போதும், கெடு கடந்த திகதிகள் தானாகச் சிவக்கும். நிரை முழுக்க நிறம் வேணும் என்றால் `$D$2` என்று டொலர் குறி போட்டுச் சூத்திரம் எழுதலாம்.

திருநெல்வேலி, கணக்காளர்:

தம்பி சொன்னது பாதி சரி. அந்த ஆயத்த விதி திகதியை மட்டும்தான் பார்க்கும். காசு கட்டி முடித்த பிள்ளையின் திகதியும் பதினோராம் திகதி சிவந்துவிடும், தாயைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். `$D$2` என்று இரண்டு பக்கமும் பூட்டினால் எல்லா நிரைகளும் முதல் பிள்ளையின் திகதியையே பார்க்கும். அந்தத் திகதி கடந்தால் எல்லாரும் சிவப்பு. நிரலை மட்டும் பூட்ட வேணும், நிரை எண் அசைய வேணும்.

நான் பாவிப்பது இது. `A2:F200` பரப்பைத் தெரிந்துகொண்டு எழுதுவது:

```
=AND(ISNUMBER($D2),$D2<TODAY(),$F2<$E2)
```

கட்டணம் 2500, கெடு மார்ச் 10, கட்டியது 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் திகதி பார்த்தால் நிறம் இல்லை, பதினோராம் திகதி நிரை சிவக்கும். மிச்சம் 1000 ஐக் கட்டி F ஐ 2500 ஆக்கியதும் தானாக வெளுக்கும். ஐந்து நாள் சலுகை கொடுப்பவர்கள் `$D2+5<TODAY()` என்று எழுதினால் பதினாறாம் திகதிதான் சிவக்கும். பரப்பு இரண்டாம் நிரையில் தொடங்கினால் சூத்திரமும் இரண்டில்தான் தொடங்க வேணும். இல்லாவிட்டால் நிறம் ஒரு நிரை தள்ளி, பக்கத்துப் பிள்ளையின் பெயரில் விழும்.

`ISNUMBER` ஏன் என்று கேட்பீர்கள். திகதி வெறுமையாக இருந்தால் அதைப் பூச்சியம் என்று எடுத்து, இன்றைக்கு முந்தியது என்று சிவப்பாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான். ஆனால் மறுபக்கம் ஒரு பொறி இருக்கிறது. 10.03.2025 என்று புள்ளி வைத்து எழுதினால், கணினியின் பிராந்திய அமைப்பைப் பொறுத்து அது திகதியாகாமல் வெறும் எழுத்தாகவே நின்றுவிடலாம். அந்தப் பிள்ளை எத்தனை மாதம் கட்டாவிட்டாலும் சிவக்கவே மாட்டாது. கலத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் திகதியைக் கண்டால் சந்தேகப்படுங்கள், சரியான திகதி வழக்கமாக வலப்பக்கம் நிற்கும். அதற்கு மஞ்சளில் இரண்டாவது விதி ஒன்று போட்டிருக்கிறேன்:

```
=AND($D2<>"",NOT(ISNUMBER($D2)))
```

சொல்லைப் பற்றி: "கெடு கடந்த" எனக்குச் சம்மதம். நிலுவை வேண்டாம். கணக்கில் அது வேறு பொருள்.

மானிப்பாய், பெற்றோர் ஒருவர்:

"நிபந்தனை" என்று பார்த்ததும் எழுதுகிறேன். காசு கட்டாத பிள்ளையை வகுப்பில் இருத்தக்கூடாது என்ற நிபந்தனையைத்தான் இந்தக் கைநூல் சொல்கிறதா? எங்கள் பக்கத்தில் ஒரு நிலையத்தில் பிள்ளையின் பெயரைச் சத்தமாக வாசித்து எழுப்பினார்கள். சிவப்பு நிரையை ஆர் பார்க்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

கோண்டாவில் ஆசிரியை:

இல்லை அண்ணை, இது தாளின் நிறத்துக்கு வைக்கும் நிபந்தனை மட்டும்தான். ஆனால் நீங்கள் கேட்டது நியாயம். பதிவேட்டைப் பெரிய திரையில் காட்டி வகுப்பு நடத்த வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். படிப்பவர்கள் இப்படியும் விளங்கிக்கொள்வார்கள் என்றால், ஐயா, "நிபந்தனை" வேண்டாமா?

சுன்னாகம் ஐயா:

அதைத்தான் நான் சொல்கிறேன்.

நல்லூர்க்காரர்:

ஐயா, "கெடு" மட்டும் தமிழா? தெலுங்கில் "கடுவு" என்றால் இதே பொருள். நீங்கள் வடசொல்லை விரட்டித் திசைச்சொல்லை உள்ளே விடுகிறீர்கள்.

சுன்னாகம் ஐயா:

கேட்டது நல்ல கேள்வி. திசைச்சொல் செய்யுளுக்குள்ளேயே இடம் பெற்றது, தொல்காப்பியர் எச்சவியலில் நால்வகைச் சொல்லில் ஒன்றாக வைக்கிறார். வடசொல்லையும் வடவெழுத்தை நீக்கி ஏற்கிறார், அதை நான் மறைக்கவில்லை. இருந்த உறுப்பைப் பாவிக்காமல் இரவல் வாங்குவதுதான் எனக்குக் கவலை. "கடப்பின்" என்ற சொல்லை எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

திருநெல்வேலி கணக்காளர்:

சொல்லிக்கொடுக்கலாம் ஐயா, ஆனால் பிள்ளை கைநூலைத் தனியே இருந்து வாசிக்கும். "எனின்வடிவம்" என்று பார்த்தால் திரையில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாது. "வடிவமைப்பு"ம் வேண்டாம், அது கட்டட வேலைக்குப் போய்விடும். "நிறமூட்டல்" என்றால் தடித்த எழுத்தும் குறுக்குக் கோடும் வெளியே நிற்கும். "நிபந்தனை வடிவூட்டல்" என்று வையுங்கள்.

கோண்டாவில் ஆசிரியை:

சரி, நேரம் போய்விட்டது. தலைப்பு "நிபந்தனை வடிவூட்டல்", அதன் கீழே திரையில் தெரியும் ஆங்கிலப் பெயர். பாடத்துக்குள் "கெடு கடந்த கட்டணம்", "நிலுவை" என்று இரண்டையும் பிரித்து எழுதி, ஒன்றுக்கு இரண்டு நிபந்தனை, மற்றதற்கு ஒன்று என்று காட்டுகிறேன். மஞ்சள் விதியும் சேருகிறது.

சுன்னாகம் ஐயா:

போடுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் பெரும்பான்மை சொன்னதால் "எனின்வடிவம்" பிழையாகிவிடாது. அடுத்த பதிப்பு வரும்போது இதை மறுபடி எடுப்பேன். கடைசி நாளே கெடு கடந்ததில் சேருமா என்பதையும் பாடத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். பத்தாம் திகதி பின்னேரம் காசோடு வருகிற பிள்ளைக்கு அது முக்கியம்.