புதுப்பிப்பு: அப்பச்சி கடிதத்தில் இருந்த ‘உண்டு’

முன்பு கேட்டது: “பர்மாவிலிருந்து வந்த பழைய கடிதத்தில் ‘ஆத்தாளுக்கு நான் உண்டு’ என்றிருக்கிறது. ஆங்கிலத்தில் எந்தக் காலத்தில் எழுதுவது?”

‘உண்’ணிலிருந்து வந்தது, சாப்பிட்டுவிட்டு என்று பொருள் என ஒருவர் சொன்னார். அப்படியும் ஓர் ‘உண்டு’ இருக்கிறது. ஆனால் இங்கே அப்பச்சி சாப்பிடவில்லை!

காரைக்குடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் போனேன். “நான் உண்டு, அவள் உண்டு, மாடு உண்டு. விகுதி மாறுகிறதா பாருங்கள். நன்னூல் இதை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்கிறது.” சரி, காலம்? “நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்போம். நேற்றைக்கு என்றால் ‘இருந்தது’தான் வரும்.” அப்போது வினையா பெயரா என்றேன். குறிப்பு வினை என்றார், ஆனால் அவருக்கே முழுத் திருப்தி இல்லை.

கடிதத்தைக் கொடுத்த ஆச்சியிடம் காலத்தைக் கேட்டால், “வட்டி உண்டுன்னும் எழுதுவாக, ஒரு காசு வரல” என்று வேறு கணக்கை எடுத்தார்கள்.

‘ஐ ஆம் தேர்’ என்று எழுதினால் நாளை போய்விடுகிறது, ‘வில் பி’ போட்டால் இன்று போய்விடுகிறது. இப்போதைக்கு ‘ஷி ஹாஸ் மீ’ என்று வைத்திருக்கிறேன். எழுவாய் இடம் மாறிவிட்டது, அதுதான் உறுத்துகிறது.