ரெசிடுவல் வேரியன்ஸ்: எச்சமா, மிச்சமா?

கயல்: எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை எம்.காம். வகுப்புக்கு 1973ல வந்த டிரெய்னர்-பிளாக் மாடல் பத்தி தமிழ்ல குறிப்பு எழுதறேன். பெரும்பகுதி பணம் இன்டெக்ஸ்ல, நாமளா ஆராய்ஞ்சு எடுத்த ரெண்டு மூணு பங்குல கொஞ்சம், அந்தக் கொஞ்சம் எவ்வளவுங்கறத ஆல்பாவும் ரெசிடுவல் வேரியன்ஸும் சேர்ந்து முடிவு பண்ணும். ரெசிடுவல் வேரியன்ஸுக்கு என்ன போடலாம்? வேரியன்ஸுக்கு நம்ம பாடநூல்ல இருக்கற விலக்க வர்க்கச் சராசரிக்கு முன்னாடி இன்னொரு சொல்லயும் ஒட்டினா பசங்களுக்கு மூச்சு வாங்கும்.

இளங்குமரன்: எச்சம்தான் அம்மா. சந்தை ஏறி இறங்கறதால வர்ற அசைவ கழிச்சுட்டா அந்தப் பங்குக்கே உரிய அசைவு எஞ்சி நிக்குதில்ல, அது எச்சம். அஞ்சு அச்சம் ஆச்சு, எஞ்சு எச்சம் ஆச்சு, மிஞ்சு மிச்சம் ஆச்சு. சந்தைய மிஞ்சற ஆதாயம்தான் ஆல்பா, அதனால அதுக்கு மிச்சம்னே வைக்கலாம்.

முருகேசன்: மாசாமாசம் மிச்சம் புடிக்கிற காசத்தான் இன்டெக்ஸ் ஃபண்டுல போடறேன், அப்ப அது ஆல்பாவா? மச்சான் வேலை பாக்குற கம்பெனி பங்கும் கொஞ்சம் வெச்சிருக்கேன், நல்ல கம்பெனி.

கயல்: ஐயா, மிச்சம்னா வகுப்புலயும் இப்படித்தான் புரிஞ்சுக்குவாங்க. ஆல்பா ஆல்பாவாவே இருக்கட்டும்.

பாலா: எதுக்கு இவ்வளவு, ஆல்பா பெருசா இருக்கற பங்குக்கு வெயிட் ஜாஸ்தி, அவ்ளோதான?

சுமதி: பாதிதான் சரி பாலா. ஒரு பங்கோட ஆல்பா 0.6%, எச்ச அசைவோட திட்ட விலக்கம் 30%. இன்னொண்ணு 0.4%, 20%. ஆல்பாவ திட்ட விலக்கத்தோட வர்க்கத்தால வகுத்தா முதலாவதுக்கு 0.067, ரெண்டாவதுக்கு 0.1, அதனால ஆல்பா கம்மியா இருக்கறதுக்குத்தான் வெயிட் அதிகம், 40க்கு 60. கூட்டினா 0.167. இன்டெக்ஸ் ரிஸ்க் இல்லாத வட்டிக்கு மேல 6% தரும், திட்ட விலக்கம் 20%னு வெச்சா, அதே மாதிரி வர்க்கத்தால வகுத்து அதுக்கு 1.5. 0.167ஐ 1.5ஆல வகுத்தா 0.11. சந்தையோட சேர்ந்து எவ்வளவு அசையுதுங்கற பீட்டா 1ன்னா 11% நம்ம பங்குகள்ல, 89% இன்டெக்ஸ்ல. ஆனா ஆல்பா நாம கணிக்கறது. அத ரெண்டு மடங்கா தப்பா போட்டா வெயிட்டும் ரெண்டு மடங்காயிடும், அதனால பழைய கணிப்பெல்லாம் எவ்வளவு பலிச்சுதுன்னு பாத்து ஆல்பாவ முதல்லயே சுருக்கிடணும். முருகேசன் அண்ணே, நல்ல கம்பெனிங்கறது விலையிலயே ஏறியிருக்கும், தனியா ஆல்பா இல்லேன்னா இந்தக் கணக்குல அதுக்குன்னு தனி வெயிட் கிடையாது.

தர்ஷினி: நாங்கள் யாழ்ப்பாணத்தில வேரியன்ஸை மாறற்றிறன் எண்டுதான் படிச்சனாங்கள். எச்ச மாறற்றிறன் எண்டால் பிழையில்லையே?

பாலா: எச்சம்னாலே பசங்க காக்காவ நினைச்சு சிரிப்பாங்க. மாறற்றிறன்னா இங்க பாதி பேருக்கு வாயில நுழையாது.

இளங்குமரன்: வினையெச்சம் படிக்கும்போது எந்தப் பையனும் சிரிக்கலையே.

கயல்: இப்போதைக்கு எச்ச மாறுபாடுன்னு போட்டுக்கறேன், நாலு பேருக்கு சம்மதம்னு தெரியுது.

இளங்குமரன்: எனக்கு இல்ல. மாறுபாடுன்னா ரெண்டு பொருளுக்கு நடுவுல இருக்கற வேத்துமை. இங்க பேசறது ஒரே பொருளோட அலைச்சல். வர்க்கத்தால வகுக்கறோம்ங்கறதுதான் சுமதி போட்ட கணக்குக்கே உயிர், அந்த வர்க்கம் உங்க சொல்லுல எங்கம்மா இருக்கு?