பிளஸ் டூ படிப்பு அட்டவணை: கணிதத் தேர்வுக்கு இன்னும் 266 நாள் என்கிறது, அவசர உதவி

வைகைக்கரை (10 பிப்ரவரி 2025, இரவு)
தங்கைக்குப் பொதுத்தேர்வு. பாடவாரியாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தேர்வுக்கு எத்தனை நாள் என்று ஒரு ஷீட் போட்டேன். தமிழுக்கு 21 நாள், சரி. ஆங்கிலத்துக்கு 113, கணிதத்துக்கு 266! மற்ற மூன்றும் #VALUE!. மணி நேரம் எதுவும் வரவில்லை. நாளைக்குள் அவளுக்குக் கொடுக்க வேண்டும். என்ன தப்பு?

பழைய_மானிட்டர்
எக்செல்லா, கூகுள் ஷீட்ஸா? ஃபார்முலா என்ன? தேதியை எப்படித் தட்டினீர்கள்? ஒன்றும் சொல்லாமல் ‘என்ன தப்பு’ என்றால் வெற்றிலையில் மை போட்டா பார்ப்பது? இங்கே தேதிப் பிரச்சினைக்கு மட்டும் பழைய இழைகள் எக்கச்சக்கமாகக் கிடக்கின்றன, தேடுவதற்குத்தான் ஆளில்லை.

தேனீ_ராஜா
டைம்ஜோன் பிரச்சினைதான் இது. ஷீட்டின் நேரம் அமெரிக்காவில் இருந்தால் TODAY() தப்பாக வரும். எனக்கும் வந்திருக்கிறது.

மலர்க்கொடி_டீச்சர்
டைம்ஜோன் தப்பென்றால் ஒரு நாள்தான் முன்னே பின்னே போகும் தம்பி, 266 நாள் எப்படி வரும்? வைகைக்கரை, அந்தத் தேதி வரிசையை அப்படியே இங்கே போடுங்கள்.

அம்மா_ஆஃப்_டூ
என் பையன் சிபிஎஸ்இ, அவனுக்கும் இதே மாதிரி அட்டவணை வேண்டும். நீட்டும் எழுதுகிறான். யாரிடமாவது தயாராக இருந்தால் அனுப்ப முடியுமா?

வைகைக்கரை
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கூகுள் ஷீட்ஸ். B-யில் தேதி: தமிழ் 03/03/2025, ஆங்கிலம் 06/03/2025, கணிதம் 11/03/2025, கணினி அறிவியல் 14/03/2025, வேதியியல் 21/03/2025, இயற்பியல் 25/03/2025. C எழுத்துத் தேர்வு மதிப்பெண் (90 அல்லது 70). D எவ்வளவு வீக் என்று 1 முதல் 5 வரை: இதே வரிசையில் 1, 2, 4, 1, 3, 5. H1-இல் வாரத்துக்கு 42 மணி நேரம். அப்புறம் இந்த இரண்டும்:

```
E2: =B2-TODAY()
F2: =$H$1*(C2*D2/E2)/SUMPRODUCT($C$2:$C$7*$D$2:$D$7/$E$2:$E$7)
```

தேனீ_ராஜா
அப்படியானால் அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து Format > Number > Date கொடுங்கள், சரியாகிவிடும்.

மலர்க்கொடி_டீச்சர்
ஆகாது. அது தோற்றத்தை மாற்றும், உள்ளே இருப்பதை மாற்றாது. உங்கள் ஷீட் அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. 03/03 எப்படிப் படித்தாலும் மார்ச் 3 என்பதால் தமிழ் மட்டும் தப்பியது. ஆங்கிலம் ஜூன் 3 ஆகிவிட்டது, கணிதம் நவம்பர் 3. பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லாததால் கடைசி மூன்றையும் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. பாருங்கள், அந்த மூன்றும் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றவை வலது ஓரத்தில்.

File > Settings-இல் Locale-ஐ India ஆக்குங்கள். மாற்றியதும் பழைய தேதிகள் தானாகத் திருந்தாது. ஆறையும் அழித்துவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். ஆங்கிலத்துக்கு 24, கணிதத்துக்கு 29, இயற்பியலுக்கு 43 வந்தால் சரி (இன்று 10ஆம் தேதி என்ற கணக்கில்).

பழைய_மானிட்டர்
இதைத்தான் பழைய இழையில் நானே எழுதியிருக்கிறேன். ஆறு பாடத்துக்கு எதற்கு ஷீட்? ஒரு தாளில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது. அட்டவணை போடும் நேரத்தில் ஒரு பாடம் முடித்துவிடலாம்.

கோட்டைமேடு_கண்ணன்
டீச்சர் தேதியைச் சரி செய்துவிட்டார், ஆனால் பெரிய வில்லங்கம் F-இல் இருக்கிறது. மீதி நாளால் வகுக்கிறீர்கள். மார்ச் 3 அன்று தமிழுக்கு மீதி பூஜ்யம், SUMPRODUCT உள்ளே அது போய் ஆறு பாடத்துக்கும் #DIV/0! வரும். மறுநாள் இன்னும் வேடிக்கை: தமிழுக்கு −1 நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மொத்தமே 42 மணி நேரம், அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 43 வருகிறது, தமிழுக்கும் 43, முன்னால் கழித்தல் குறியோடு!

பிழை வராத நாளிலும் இது தப்பான யோசனைதான். தங்கை ரொம்ப வீக்காக இருப்பது இயற்பியலில். அதன் தேர்வு கடைசியில் வருவதால் இப்போது 8½ மணி நேரம்தான் கிடைக்கிறது. வகுக்காமல் விட்டால் 11½ மணி நேரத்துக்கு மேல் வரும். ‘பரவாயில்லை, தேர்வு நெருங்கும்போது ஏறிவிடும்’ என்று நினைப்பீர்கள். கால அட்டவணையைப் பாருங்கள்: கணினி அறிவியலுக்கும் வேதியியலுக்கும் நடுவே 6 நாள் இடைவெளி, ஆனால் வேதியியல் முடிந்து இயற்பியலுக்கு 3 நாள்தான். வேதியியலைக் கொஞ்சம் மார்ச்சுக்குத் தள்ளலாம், இயற்பியலைத் தள்ள முடியாது. அது பிப்ரவரியிலேயே முடிய வேண்டும். மீதி நாளை E-இல் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பங்கு பிரிக்க வேண்டாம்.

```
G2: =IF(B2>TODAY(), C2*D2, 0)
F2: =IFERROR($H$1*G2/SUM($G$2:$G$7), 0)
```

முடிந்த தேர்வு தானாகக் கழன்றுகொள்ளும். வாரக் கணக்கு மார்ச் 2 வரைக்கும்தான். அப்புறம் இடைவெளி நாள் எந்தப் பாடத்துக்கு முன்னால் வருகிறதோ அந்தப் பாடத்துக்கே.

மலர்க்கொடி_டீச்சர்
அந்த 1 முதல் 5 யார் போட்டது? அண்ணன் போட்டதா, அவளே போட்டதா? பிள்ளைகள் பிடிக்காத பாடத்துக்கெல்லாம் 5 போட்டுவிடுவார்கள். அரையாண்டில் எழுத்துத் தேர்வில் எத்தனை மதிப்பெண் விட்டாள் என்பதை G-இல் C2*D2 இருக்கும் இடத்தில் போடுங்கள். மதிப்பெண்ணின் கனமும் பலவீனமும் அதற்குள்ளேயே வந்துவிடும், இரண்டையும் தனியாகப் பெருக்க வேண்டியதில்லை.

வைகைக்கரை
நான்தான் போட்டேன். அரையாண்டில் விட்டது: தமிழ் 12, ஆங்கிலம் 20, கணிதம் 29, கணினி 6, வேதியியல் 21, இயற்பியல் 32.

சாலைப்புதூர்
பொறியியல் போவதாக இருந்தால் இந்தக் கணக்கே மாறும். கட் ஆஃப் 200-இல் கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, 50 50. இயற்பியலில் விட்ட 32, கட் ஆஃபில் 16தான். கணிதத்தில் விட்ட 29 முழுசாக 29. கணிதத்துக்கே இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். கணினி அறிவியல் கணக்கிலேயே வராது, தூக்கிப் போடுங்கள்.

மலர்க்கொடி_டீச்சர்
தூக்கிப் போடுவதாவது! 600-க்குத்தான் சான்றிதழ். கலை அறிவியல் கல்லூரிக்கும் விண்ணப்பிப்பாள் அல்லவா, அங்கே கட் ஆஃப் வேறு. அவளுக்கு அது வாரத்துக்கு 2 மணி நேரப் பாடம், அதையும் பிடுங்கி என்ன சாதிக்கப்போகிறீர்கள்?

சாலைப்புதூர்
இரண்டு தோணியில் கால் வைக்கச் சொல்கிறீர்கள். ஒரு மதிப்பெண்ணில் எத்தனை பேர் முன்னே போய்விடுகிறார்கள் என்று கவுன்சிலிங்கில் நின்றவர்களைக் கேளுங்கள்.

கோட்டைமேடு_கண்ணன்
அந்தப் பெண் பொறியியல்தான் என்று யார் சொன்னது? வைகைக்கரை, எதற்கு விண்ணப்பிக்கிறாள்?

பழைய_மானிட்டர்
அதை விடுங்கள், பள்ளிக்கும் போய்க்கொண்டு வாரத்துக்கு 42 மணி நேரமா? ஒரு நாளைக்கு 6. காகிதத்தில் எல்லோரும் படிக்கலாம்.

அம்மா_ஆஃப்_டூ
நீட் அட்டவணை பற்றி யாரும் சொல்லவில்லையே?

வைகைக்கரை (12 பிப்ரவரி)
தேதி சரியாகிவிட்டது, நன்றி டீச்சர். கண்ணன் அண்ணா ஃபார்முலாவில் விட்ட மதிப்பெண்ணைப் போட்டேன். இயற்பியல் 11, கணிதம் 10, வேதியியலும் ஆங்கிலமும் 7 7 என்று வருகிறது. 42-இல் பள்ளி சிறப்பு வகுப்பும் சேர்த்தி. ஆங்கிலத்துக்கு 7 மணி நேரம் என்றதும் சண்டை போடுகிறாள். அதை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

சாலைப்புதூர்
பொறியியலா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை.