சின்ஸ், ஃபார், ஃப்ரம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருத்தும்கை

வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் விண்ணப்பிக்கிறவர்களுடைய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். 'ஐ ஆம் ஸ்டேயிங் ஹியர் ஃப்ரம் ஃபைவ் இயர்ஸ்' என்ற வாக்கியம் ஏதாவது ஒரு வடிவத்தில் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் வீடு மாற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். புது வீட்டுக்காரர், இப்போது இருக்கும் வீட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று மெயிலில் கேட்டிருக்கிறார். இவர் மேலே சொன்ன வாக்கியத்தைத்தான் முதலில் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஃப்ரம் தப்பு, ஃபார் போடு" என்று சொல்லியிருக்கிறார். இவரும் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி, 'ஐ ஆம் ஸ்டேயிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று அனுப்பிவிட்டார். "அங்கேயே ஐந்து வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்றால் என் வீட்டை எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று பதில் வந்தது.

வீட்டுக்காரர் குதர்க்கம் பேசவில்லை. 'ஆம் ஸ்டேயிங்' என்பதோடு 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்' சேரும்போது, 'மொத்தம் ஐந்து வருஷம் தங்குவதாக ஏற்பாடு' என்றுதான் பொருள் வரும். "ரெண்டு வாரம் இங்கே தங்குகிறேன்" என்று ஓட்டலில் சொல்வது போன்ற வாக்கியம் அது. இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. அதனால்தான் ஆபத்து. ஃப்ரம் போட்ட பழைய வாக்கியம் தப்பாக இருந்தாலும், படிக்கிறவர் 'ஏதோ சொல்ல வருகிறார்' என்று ஊகித்துக்கொள்வார். பாதி திருத்திய வாக்கியத்தில் ஊகிக்க எதுவுமே இல்லை. அது நேராகவே வேறொன்றைச் சொல்கிறது.

மாற்ற வேண்டியது வினையைத்தான். 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று போட்டு அனுப்பினோம். 'ஸ்டேயிங்' என்பதையும் எடுத்துவிட்டேன். குடியிருப்பதற்கு 'லிவிங்'தான் பொருந்தும், 'ஸ்டே' என்றால் தற்காலிகம் என்ற வாடை பலருக்கு அடிக்கும்.

இதே மாதிரி, அர்த்தமே மாறிப்போன சம்பவங்கள் உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

நேர்வழி

இதற்கு நான் ஒரே விதிதான் வைத்திருக்கிறேன். எண் வந்தால் ஃபார், எண் வராவிட்டால் சின்ஸ். ஃபைவ் இயர்ஸ், த்ரீ டேஸ் என்றால் ஃபார். மண்டே, சைல்ட்ஹுட் என்றால் சின்ஸ். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். மெயில்களில் தப்பு நன்றாகவே குறைந்தது.

திண்ணைப்பள்ளி

நேர்வழி, பாதி தூரம் சரியாகப் போகும் விதி அது. '2019' எண்தானே? ஆனால் சின்ஸ் 2019 என்றுதான் வரும். 'எட்டு மணி'யும் எண்தான், அதற்கும் சின்ஸ்தான். 'எ லாங் டைம்' என்பதில் எண்ணே இல்லை, ஆனால் ஃபார். உங்கள் விதியை அப்படியே பிடித்துக்கொண்ட மாணவி ஒருத்தி 'சின்ஸ் எ லாங் டைம்' என்று எழுதிக்கொண்டு வந்தாள். விதிப்படி சரி என்று என்னிடம் வாதாடவும் செய்தாள்.

நான் வகுப்பில் வேறு மாதிரி சொல்லித்தருவேன். ஆங்கிலத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஐந்து வருஷமாக', 'மூன்று நாளாக', 'ரொம்ப நாளாக'. இதெல்லாம் 'ஆக' என்று முடிகிறது, ஆங்கிலத்தில் ஃபார். '2019-லிருந்து', 'திங்கட்கிழமையிலிருந்து', 'சின்ன வயதிலிருந்து'. இதெல்லாம் 'இருந்து' என்று முடிகிறது, சின்ஸ். இந்த வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கிறது. 'ஐந்து வருஷத்திலிருந்து இங்கே இருக்கிறேன்' என்று இயல்பாக யாரும் சொல்வதில்லை. இந்தியில் இரண்டுக்கும் 'சே' ஒன்றுதான், 'பாஞ்ச் சால் சே', '2019 சே'. அவர்களுக்கு இது நிஜமாகவே குழப்பம். நமக்கு 'ஃப்ரம் ஃபைவ் இயர்ஸ்' வந்தது தமிழிலிருந்து இல்லை, சுற்றிலும் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

தமிழ் நம்மைக் கவிழ்ப்பது இரண்டு இடங்களில். முதலாவது வினை. 'ஐந்து வருஷமாக இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால் 'ஐ ஆம்' என்று கை தானாக எழுதிவிடுகிறது. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதை ஆங்கிலம் 'ஹேவ் பீன்' என்றுதான் சொல்லும். இரண்டாவது, நம் 'இருந்து' சின்ஸுக்கும் போகும், ஃப்ரமுக்கும் போகும். முடிவையும் சேர்த்துச் சொன்னால் ஃப்ரம்: '2015-லிருந்து 2019 வரை'. இனிமேல் தொடங்கப்போவது என்றாலும் ஃப்ரம்: 'நாளையிலிருந்து லீவு'. தொடங்கியாயிற்று, இன்னும் ஓடுகிறது என்றால் மட்டும்தான் சின்ஸ்.

மழைக்காலம்

நல்ல தலைப்பு. எனக்கும் சின்ஸில் நிறையத் தகராறு. 'சின்ஸ் ஐ ஆம் நாட் வெல், ஐ ஆம் டேக்கிங் லீவ்' என்று எழுதினேன். மேலாளர் சின்ஸை அடித்துவிட்டு 'பிகாஸ்' போட்டார். இங்கே ஃபார் போட்டிருக்க வேண்டுமா?

திருத்தும்கை

மழைக்காலம், அது காலத்தைச் சொல்லும் சின்ஸ் இல்லை, காரணத்தைச் சொல்லும் சின்ஸ். நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. அங்கே ஃபார் வேண்டாம். 'சின்ஸ் ஐ ஜாயின்ட்' என்று தொடங்கினால் 'சேர்ந்ததிலிருந்து' என்றும் படிக்கலாம், 'சேர்ந்ததால்' என்றும் படிக்கலாம். அந்தக் குழப்பம் வேண்டாம் என்று சிலர் காரணத்துக்கு பிகாஸையே கேட்பார்கள். உங்கள் மேலாளர் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

இரவுப்பணி

நான் நர்ஸ். ஷிஃப்ட் மாறும்போது எழுதும் குறிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நோயாளியைப் பற்றி 'ஷி இஸ் டேக்கிங் திஸ் டேப்லெட் ஃபார் டூ மந்த்ஸ்' என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் சொல்ல வந்தது, இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார் என்பது. புதிதாக வந்த டாக்டர், மொத்தம் இரண்டு மாதத்துக்கான மருந்து என்று புரிந்துகொண்டார். "சரி, எப்போது தொடங்கியது? இன்னும் எத்தனை நாள் பாக்கி?" என்று கேட்டார். பழைய சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது காலவரையறை இல்லாமல் தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரை. யாருக்கும் பாதிப்பு இல்லை. ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள்.

அதற்கப்புறம் நான் குறிப்புகளில் முடிந்தவரை ஃபாரைத் தவிர்க்கிறேன். 'ஃபார் டூ மந்த்ஸ்' என்று எழுதினால், அடுத்த வாரம் படிக்கிறவருக்கு அது பொய்யாகிவிடும். சின்ஸ் போட்டுத் தேதியை எழுதினால் எப்போது படித்தாலும் அதே பொருள்தான். வினையை மட்டும் 'ஹாஸ் பீன் டேக்கிங்' என்று சரியாக எழுத வேண்டும்.

திண்ணைப்பள்ளி

இரவுப்பணி, இதை அடுத்த வகுப்பில் கட்டாயம் சொல்லப் போகிறேன். எது சரி என்று மட்டும்தான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டுமே சரியாக இருக்கும் இடத்தில் எதை எடுப்பது என்ற கேள்வியை நான் தொட்டதே இல்லை.

தூரதேசம்

என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்றுதான் சொல்வார். அவர்கள் மொழியில் 'ஜைட்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும், வினையும் நம்மைப் போல நிகழ்காலம்தான். இது நம் ஊர் ஆங்கிலத்தின் தனி வியாதி என்று நினைத்துக் கூசுகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

என் கேள்வி வேறு. ரெஸ்யூமேயில் பழைய வேலையைப் பற்றி 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதியிருந்தேன். நேர்முகத்தில், "இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். ஃபார் சரிதானே?

திருத்தும்கை

ஃபார் சரி. 'ஹேவ் வொர்க்ட்' என்று ஃபாரோடு வந்தால் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம், அதனால் அவர்கள் கேட்டது நியாயம். விட்டுவந்த வேலை என்றால் 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்'. தமிழில் 'மூன்று வருஷம் இருந்தேன்' என்கிறோம், 'மூன்று வருஷமாக' என்று சொல்வதில்லை. 'ஆக' விழுந்துவிட்டதா என்று பாருங்கள், விழுந்திருந்தால் ஹேவும் விழ வேண்டும்.

இன்னொன்று, 'ஐ ஹேவ் ஜாயின்ட் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சேர்வது ஒரு நொடியில் முடிந்துவிடும் காரியம், அதை இரண்டு வருஷத்துக்கு இழுக்க முடியாது. 'ஐ ஜாயின்ட் டூ இயர்ஸ் எகோ' என்று எழுதலாம். இல்லாவிட்டால் 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்று இருப்பைச் சொல்லலாம்.

நேர்வழி

என் விதியைக் கைவிடுகிறேன், திண்ணைப்பள்ளியின் விதி நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். 'காலையிலிருந்து' என்பதற்கு 'சின்ஸ் மார்னிங்' என்றுதானே வர வேண்டும்? அப்படி எழுதினால் எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஒவ்வொரு முறையும் 'சின்ஸ் திஸ் மார்னிங்' என்று மாற்றுகிறார்.

திண்ணைப்பள்ளி

அவர் மாற்றுவது அவர் வழக்கப்படி சரி. எந்தக் காலை என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் காது. இந்திய ஆங்கிலத்தில் 'சின்ஸ் மார்னிங்' எல்லோரும் சொல்வது, எல்லோருக்கும் புரிவது. அதைத் தப்பு என்று நான் அடிக்க மாட்டேன்.

திருத்தும்கை

நான் அடிப்பேன். கடிதம் யாருக்குப் போகிறது என்று பார்த்துத்தான் திருத்துகிறேன், வெளியே போகிற கடிதத்தில் 'திஸ்' இல்லாமல் விடமாட்டேன். 'சின்ஸ் லாங்' என்பதையும் விடுவதில்லை, 'ஃபார் எ லாங் டைம்' என்று மாற்றிவிடுவேன்.

இரவுப்பணி

எங்கள் குறிப்புகளில் 'ஃபீவர் சின்ஸ் மார்னிங்' என்று எழுதினால் யாரும் மாற்றுவதில்லை. ஆனால் மறுநாள் படிக்கிறவருக்கு எந்தக் காலை என்று தெரியாது. நான் மணியைப் போட்டுவிடுகிறேன்.